y-க்கு ஓர் எண்ணைப் போட்டுப் பாருங்கள்

பொறியியல் கல்லூரியின் முதல் பருவக் கணிதப் பயிற்சித்தாளில் அடிக்கடி தென்படும் கணக்கு ஒன்று: f(x, y) = x^y. இதை முதலில் x-ஐப் பொறுத்தும், பிறகு y-ஐப் பொறுத்தும் வகையிட வேண்டும். முதல் பாதியை மாணவர்கள் பார்த்த மாத்திரத்தில் எழுதிவிடுவார்கள். அடுக்கைக் கீழே இறக்கி, அடுக்கில் ஒன்றைக் குறைத்தால் y·x^(y−1). இரண்டாம் பாதிக்கு வரும்போது பலருக்கும் கை பழக்கத்தில் ஓடி, அதே விடையை மறுபடி எழுதிவிடுகிறது. சரியான விடை அதுவல்ல, x^y·ln x.

ஒரே கோவைதான். ஆனாலும் விடைகளுக்குள் முகஜாடையே இல்லை. x நகர்ந்து y நின்றால் x^y என்பது x², x³ போன்ற கோவைகளின் குடும்பம். y நகர்ந்து x நின்றால் அது 2^y, 10^y போன்றவற்றின் குடும்பம். பள்ளிக்கூடத்திலேயே இரண்டுக்கும் தனித்தனி விதி படித்தாயிற்று. எந்த விதியை எடுப்பது என்பதை, எது நிற்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

"மற்ற மாறியை மாறிலியாகக் கருதுக" என்ற வாக்கியம் பிளஸ் டூ கணிதப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. வகுப்பறையில் "டோ எஃப் பை டோ எக்ஸ்" என்று சத்தமாகப் படித்துக்கொண்டு, கரும்பலகையில் ∂f/∂x என்று எழுதுவார்கள். வளைந்த அந்த ∂ குறியைப் பகுதி வகைக்கெழுவுக்காக 1786-இல் லெஜாந்தர் பயன்படுத்தினார். பிறகு அவரே அதைக் கைவிட்டார். 1841-இல் யகோபி மறுபடி எடுத்தாண்ட பிறகுதான் அது நிலைத்தது. குறி பழகிவிடும். பழகாமல் போவது அந்த வாக்கியத்தின் பொருள். y மாறிலி என்றால், y ஓர் எண். எந்த எண் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். அப்படியானால் நாமே ஓர் எண்ணைச் சொல்லிப் பார்க்கலாமே?

x^y-இலேயே செய்து பார்ப்போம். y = 2 என்று வைத்தால் f என்பது x². அதன் வகைக்கெழு 2x. நாம் எழுதிய y·x^(y−1)-இல் y = 2 போட்டாலும் 2x. y = 3 என்றால் ஒரு பக்கம் 3x², மறு பக்கமும் 3x². கொஞ்சம் வம்பான எண்ணாக y = ½ எடுத்தால் f என்பது √x; வகைக்கெழு 1/(2√x); சூத்திரமும் அதையே தருகிறது. y = 0 என்றால் f எங்கும் 1, வகைக்கெழு 0; சூத்திரத்திலும் முன்னால் நிற்கும் y பூஜ்யமாகி விடை 0 ஆகிறது. இப்போது மறுபக்கம். x = 1 என்று நிறுத்தினால் 1^y எப்போதும் 1. y எவ்வளவு நகர்ந்தாலும் மாற்றம் இல்லை, எனவே வகைக்கெழு 0 ஆகத்தான் வேண்டும். x^y·ln x-இல் x = 1 போட்டால் ln 1 = 0, பொருந்துகிறது. தவறாக எழுதிய y·x^(y−1)-இல் x = 1 போட்டால் y வருகிறது. பொருந்தவில்லை. பிழை கையும் களவுமாக அகப்பட்டுவிட்டது, அதுவும் ஒரே வரியில்.

இந்தச் சோதனையில் x நேர்மறையாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். x = −2, y = ½ என்றால் மெய்யெண்களில் x^y-க்கு மதிப்பே கிடையாது. ln x வந்து நிற்கும் இடத்தில் அந்த எச்சரிக்கையும் சேர்ந்தே வருகிறது. விடைத்தாளில் "x > 0" என்று ஒரு மூலையில் எழுதுவது நல்ல பழக்கம்.

இனி, எண் போடும்போது வரிசை முக்கியம். x-ஐப் பொறுத்து வகையிடப் போகிறோம் என்றால், y-க்கு முன்கூட்டியே எண் போடலாம். அது நிற்கப்போகிற மாறி. x-க்கு முன்கூட்டியே எண் போட்டால் எல்லாம் கெட்டது. f = x²y³, புள்ளி (1, 2) என்று கேட்டால் சிலர் x = 1 என்று போட்டு f = y³ ஆக்கிவிட்டு, "இதில் x இல்லையே" என்று 0 எழுதுவதுண்டு. உண்மையான விடை 2xy³, அதாவது 16. நகர வேண்டிய மாறியை ஆணியடித்துவிட்டு, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கேட்டால் பூஜ்யம்தான் வரும். நிற்பதற்கு முதலில் எண், நகர்வதற்குக் கடைசியில் எண் என்ற வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்; கட்டுரையின் பிற்பகுதியில் இதே வரிசை ஒரு பெரிய சிக்கலைத் தீர்க்கப் போகிறது.

மாறிலி இருக்கும் இடத்தைப் பொறுத்து அதன் கதியும் மாறும். x² + y³ என்பதில் y³ தனியாகக் கூட்டப்பட்டிருக்கிறது. y = 2 என்றால் x² + 8. வகையிட்டால் 8 மறைகிறது, மிச்சம் 2x. ஆனால் x²y³-இல் y³ பெருக்கி நிற்கிறது. y = 2 என்றால் 8x². வகையிட்டால் 16x, 8 மறையவில்லை. "y மாறிலி, எனவே பூஜ்யம்" என்று இரண்டாவதிலும் y³-ஐ அழித்துவிடுவது பயிற்சித்தாள்களில் சாதாரணமாக நடக்கும் பிழை. எழுத்தாக இருக்கும்போது இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. எண்ணாக மாற்றியதும் பத்தாம் வகுப்பு மாணவருக்குக்கூடப் பட்டென்று தெரிகிறது.

எழுத்துக்கணக்கை விட்டு வெளியே வந்து ஒரு நிஜமான இரு மாறிச் சார்பைப் பார்ப்போம். மருத்துவமனைகளில் கணக்கிடும் உடல் நிறைக் குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., அப்படி ஒன்று. கிலோகிராமில் எடை w, மீட்டரில் உயரம் h என்றால், B = w/h². 64 கிலோ எடையும் 1.6 மீட்டர் உயரமும் உள்ளவருக்கு B சரியாக 25.

எடையைப் பொறுத்து வகையிட்டால், h நிற்கிறது. 1/h² என்பது வெறும் பெருக்கும் எண். ∂B/∂w = 1/h² = 1/2.56, சுமார் 0.39. வளர்ந்து முடிந்த ஒருவருக்கு உயரம் உண்மையிலேயே நின்றுவிட்ட ஒன்று என்பதால் இந்த எண்ணுக்கு நேரடிப் பொருள் உண்டு: ஒரு கிலோ கூடினால் குறியீட்டெண் 0.39 கூடும். சரிபார்க்கலாம். 65/2.56 = 25.39. துல்லியமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் எடையை மட்டும் நகர்த்தினால் B ஒரு நேர்கோடு.

உயரத்தைப் பொறுத்து வகையிட்டால் கதை வேறு. w நிற்கிறது, h^(−2) வகையிடப்படுகிறது. ∂B/∂h = −2w/h³ = −128/4.096 = −31.25. இந்த எண்ணைப் பார்த்ததும் பலர் திடுக்கிடுவார்கள். 25-ஐவிட 31 பெரியதாயிற்றே, குறியீட்டெண் எதிர்மறையாகிவிடுமா? விஷயம் அலகில் இருக்கிறது. அது ஒரு மீட்டருக்கான வேகம். உயரத்தை ஒரு சென்டிமீட்டர் கூட்டி அளந்துவிட்டால் மாற்றம் சுமார் −0.31. உண்மையில் 64/1.61² = 24.69, குறைந்தது 0.31. வகைக்கெழு என்பது நின்ற இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் பேசும் எண். ஒரு முழு மீட்டர் தள்ளிப் போய் அதைக் கேள்வி கேட்கக் கூடாது. செருப்போடு உயரம் அளந்தால் குறியீட்டெண் எவ்வளவு பிசகும் என்று கேட்பவருக்கு இந்த −31.25 சரியான பதிலைக் கொடுத்துவிடும்.

அதே சமயம் இதை வளரும் குழந்தையிடம் கொண்டுபோனால் கதை மாறுகிறது. அங்கே எடையும் உயரமும் சேர்ந்தே கூடுகின்றன, எதுவும் நிற்பதில்லை. ஒரு பகுதி வகைக்கெழுவை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. இரண்டையும் அவரவர் வளர்ச்சி வேகத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பயிற்சித்தாளின் அடுத்த பக்கத்தில் முழு வகைக்கெழு என்ற தலைப்பில் வருவது அதுதான்.

பி.எம்.ஐ. கணக்கில் நாம் செய்த காரியத்தைக் கவனித்தால், அதில் இரண்டாவது சோதனை ஒன்று ஒளிந்திருப்பது தெரியும். மாறியைத் துளி நகர்த்தி, மாற்றத்தை நகர்வால் வகுப்பது. x^y-இல் (2, 3) என்ற புள்ளியில் f = 8. x-ஐ 2.01 ஆக்கினால் 8.1206, வித்தியாசத்தை 0.01-ஆல் வகுத்தால் 12.06. சூத்திரம் சொல்வது 12. y-ஐ 3.01 ஆக்கினால் 8.0556, வகுத்தால் 5.56. சூத்திரம் சொல்வது 8 ln 2, சுமார் 5.55. தவறான விடையை எழுதியவருக்கு இங்கேயும் 12 வந்திருக்கும். ஐந்தரைக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள இடைவெளியை மறைக்கவே முடியாது. சாதாரணக் கால்குலேட்டர் போதும்.

மாணவர்கள் பெரிதும் நம்பும் இன்னொரு சோதனை இருக்கிறது: x-இல் வகையிட்டதை y-இல் மறுபடி வகையிடுவதும், y-இல் வகையிட்டதை x-இல் மறுபடி வகையிடுவதும் ஒரே விடை தர வேண்டும் என்பது. கிளேரோ தேற்றம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அருமையான சோதனைதான், ஆனால் ஓட்டை உள்ளது. f = x²y³ + x⁵ என்ற கணக்கில் ஒருவர் கவனக்குறைவாக ∂f/∂x = 2xy³ + 4x⁴ என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். சரியானது 5x⁴. அவர் அதை y-இல் வகையிட்டால் 4x⁴ மறைந்து 6xy² வரும். ∂f/∂y = 3x²y², அதை x-இல் வகையிட்டாலும் 6xy². இரண்டும் சமம், பிழை தப்பிவிட்டது. x மட்டுமே உள்ள உறுப்பில் நேர்ந்த தவறை அடுத்த வகையிடல் துடைத்துவிடுவதால் இந்தச் சோதனையால் அதைப் பார்க்கவே முடியாது. துளி நகர்த்தும் சோதனை பார்க்கும். (1, 2)-இல் f = 9. x-ஐ 1.001 ஆக்கினால் f = 9.021018. வகுத்தால் 21.02. சரியான சூத்திரம் 21 தருகிறது, தவறானது 20. எனவே இரண்டையும் செய்ய நேரமில்லாதவர் எண்சோதனையைத்தான் செய்ய வேண்டும்.

இதுவரை பார்த்தவை நேரான கணக்குகள். பயிற்சித்தாளின் கடைசியில், பெரும்பாலும் நட்சத்திரக் குறியோடு, வேறு மாதிரியான ஒன்று காத்திருக்கும்.

f(x, y) = xy/(x² + y²), ஆனால் (0, 0)-இல் மட்டும் f = 0. ஆதிப்புள்ளியில் ∂f/∂x என்ன?

வழக்கம்போல் வகுத்தல் விதியைப் போட்டால் ∂f/∂x = y(y² − x²)/(x² + y²)². சரிதானா என்று y = 2 போட்டுப் பார்க்கலாம். 2x/(x² + 4)-இன் வகைக்கெழு (8 − 2x²)/(x² + 4)². சூத்திரத்திலும் 2(4 − x²)/(x² + 4)². பொருந்துகிறது. இப்போது கேட்ட புள்ளியான (0, 0)-ஐப் போட்டால் கிடைப்பது 0/0. இங்கேதான் பலர் "வகைக்கெழு இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறார்கள். அது தவறு. வகுத்தல் விதி சொல்லும் சூத்திரம் ஆதிப்புள்ளியைத் தவிர்த்த இடங்களுக்கானது. ஆதிப்புள்ளியில் f வேறு வரியால் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்தைப் பற்றிச் சூத்திரத்துக்கு எதுவும் தெரியாது.

முன்பு சொன்ன வரிசையை இங்கே கொண்டுவர வேண்டும். நிற்பதற்கு முதலில் எண். நிற்பது y, அதன் மதிப்பு 0. போட்டால், x பூஜ்யமாக இல்லாத எல்லா இடத்திலும் f(x, 0) = 0/x² = 0. x = 0 என்றாலும் கொடுத்த வரையறைப்படி 0. ஆக x அச்சு முழுவதும் f பூஜ்யம். பூஜ்யத்தின் வகைக்கெழு பூஜ்யம். ∂f/∂x = 0, முடிந்தது. y அச்சிலும் இதே கதைதான், ∂f/∂y = 0. எல்லை வைத்து எழுத வேண்டும் என்று கேட்டால், (f(h, 0) − f(0, 0))/h என்ற விகிதம் h எதுவானாலும் 0 என்று ஒரு வரி எழுதினால் போதும். மதிப்பெண் அந்த வரிக்குத்தான்.

இதில் மனதைத் தொந்தரவு செய்யும் விஷயம் இன்னும் வரவில்லை. y = x என்ற மூலைவிட்டக் கோட்டில் f = x²/(2x²) = ½. ஆதிப்புள்ளிக்கு எவ்வளவு அருகில் போனாலும் அதே அரைதான். புள்ளியை அடைந்ததும் திடீரென்று 0. ஒரு நாற்சந்தியில் கிழக்கு மேற்காகப் போகும் தெருவும் வடக்கு தெற்காகப் போகும் தெருவும் ஒரே மட்டத்தில் இருக்க, குறுக்கே போகிற பாதை மட்டும் சந்தி மையம் வரை அரை அடி உயரத்திலேயே வந்து சடாரென்று விழுவது போல. இரண்டு தெருக்களில் மட்டும் நடப்பவருக்கு இந்தப் பள்ளம் இருப்பதே தெரியாது. பகுதி வகைக்கெழுக்கள் இரண்டும் அந்த இரு தெருக்களில் நடந்து எடுத்த அளவுகள்.

ஒரு மாறிச் சார்புக்கு, வகைக்கெழு இருந்தால் தொடர்ச்சி உண்டு என்று படித்திருப்பார்கள். இரு மாறிகளில் அந்த உறுதி இல்லை. இரண்டு பகுதி வகைக்கெழுக்களும் கச்சிதமாக இருந்தும் சார்பு அந்தப் புள்ளியில் தொடர்ச்சியற்றதாக இருக்கலாம். எதனால் இப்படி ஆனது என்பதையும் பார்த்துவிடலாம். y அச்சில், x = 0 போட்டால் சூத்திரம் 1/y ஆகச் சுருங்குகிறது. y = 0.1-இல் ∂f/∂x-இன் மதிப்பு 10, 0.01-இல் 100, 0.001-இல் 1000. ஆதிப்புள்ளியில் மட்டும் 0. வகைக்கெழு பக்கத்துப் புள்ளிகளில் கட்டுக்கடங்காமல் ஏறுவதுதான் நோயின் அறிகுறி. பகுதி வகைக்கெழுக்கள் இரண்டும் அந்தப் புள்ளியிலும் சுற்றுவட்டத்திலும் தொடர்ச்சியாக இருந்துவிட்டால் இப்படி ஒரு பள்ளம் வர வாய்ப்பில்லை. பாடப்புத்தகத் தேற்றங்கள் அந்த நிபந்தனையைக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கிளேரோ தேற்றத்துக்கும் அப்படியொரு நிபந்தனை உண்டு. அதை உணர்த்த எழுதப்பட்ட எடுத்துக்காட்டு, இத்தாலியக் கணிதர் ஜுசெப்பே பேயானோவின் பெயரோடு வழங்கிவருகிறது: f = xy(x² − y²)/(x² + y²), ஆதிப்புள்ளியில் 0. முந்தைய கணக்கின் தங்கைபோலத் தெரிந்தாலும் இது மிகச் சாது. எங்கும் தொடர்ச்சியானது, முதல் பகுதி வகைக்கெழுக்களும் எங்கும் தொடர்ச்சியானவை. வம்பு இரண்டாம் படியில்தான்.

முதலில் y அச்சில் நின்றுகொண்டு x-ஐ மட்டும் நகர்த்துவோம். f(h, y)/h = y(h² − y²)/(h² + y²); h பூஜ்யத்தை நெருங்கினால் இது −y. அதாவது y அச்சு முழுவதும் ∂f/∂x = −y. இதே போல x அச்சில் நின்று y-ஐ நகர்த்தினால் ∂f/∂y = x. இப்போது முதலாவதை y-இல் வகையிட்டால் −1. இரண்டாவதை x-இல் வகையிட்டால் +1. ஆதிப்புள்ளியில் கலப்பு வகைக்கெழுக்கள் இரண்டும் இருக்கின்றன, ஆனால் சமமில்லை. எங்கேயும் கைப்பிழை இல்லை.

ஆதிப்புள்ளியைத் தவிர்த்த மற்ற எல்லா இடத்திலும் இரண்டு வரிசைகளும் ஒரே விடையைத்தான் தருகின்றன. அந்தப் பொது விடையின் மதிப்பைப் பார்த்தால் காரணம் வெளிப்படும். x அச்சின் மேல் எங்கு நின்றாலும் அது +1. y அச்சின் மேல் எங்கு நின்றாலும் −1. y = x கோட்டில் 0. ஆதிப்புள்ளியை எந்தக் கோட்டின் வழியாக நெருங்குகிறோமோ அந்தக் கோட்டின் மதிப்பு அப்படியே கூடவே வருகிறது. ஒன்றில் வந்து சேர்வதில்லை. கலப்பு வகைக்கெழு அங்கே தொடர்ச்சியற்றது என்பதால் தேற்றத்தின் நிபந்தனை நிறைவேறவில்லை. x-இல் தொடங்கியவர் y அச்சின் −1-ஐ எடுத்து வந்தார், y-இல் தொடங்கியவர் x அச்சின் +1-ஐ எடுத்து வந்தார். விடைத்தாளில் இரண்டையும் எழுதி, "ஆதிப்புள்ளியில் சமமில்லை" என்று முடிப்பவருக்கே முழு மதிப்பெண்.